மழை வந்தது, பருவம் வரவில்லை

(வெள்ளவத்தையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



2016ஆம் ஆண்டு மே மாதத்து நடுப்பகுதியை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். வங்காள விரிகுடாவில், நமது தீவுக்கு மிக அருகே, ஒரு தாழமுக்கம் உருவாயிற்று. 14ஆம் திகதியளவில் பிடித்த மழை நாலைந்து நாட்களுக்கு விடவில்லை. களனி கங்கை பெருகியது. கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில், நாகலகம் வீதியில் இருக்கும் ஆற்றுமட்ட அளவுகோலில் நீர் 7 அடியைத் தாண்டியது. கொலன்னாவையிலும் வெல்லம்பிட்டியிலும் மக்களைப் படகில் ஏற்றிக் கரைசேர்த்தார்கள். 17ஆம் திகதி மாலை அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்களை மூடியது.

அந்த மழை கொட்டிக்கொண்டிருந்த 15ஆம் திகதி, இந்திய வானிலை ஆய்வுத் துறை ஓர் அறிவிப்பை வெளியிட்டது. தென்மேல் பருவமழை இந்த ஆண்டு கேரளத்துக்குத் தாமதமாக, ஜூன் 7ஆம் திகதியளவில்தான் வரும், நான்கு நாள் முன்பின்னாகலாம் என்று அது சொன்னது. கொழும்பில் வீட்டுக்குள் வெள்ளம். கடலுக்கு அப்பால், இன்னும் மூன்று வாரம் காத்திருங்கள் என்ற செய்தி. கடைசியில் கேரளத்தில் பருவமழைத் தொடக்கம் அறிவிக்கப்பட்ட நாள் ஜூன் 8. கணிப்பு ஒரே ஒரு நாள்தான் பிசகியது.

இவ்வளவு மழை பெய்தபோது வராத பருவம், பிறகு எப்படி வந்தது? வந்துவிட்டது என்று யார், எதைப் பார்த்துச் சொல்கிறார்கள்? அப்படி வந்த பருவம் ஏன் நாலு நாள் கொட்டிவிட்டுப் பத்து நாள் ஓய்கிறது? இன்று இந்தக் கேள்விகளோடு நின்றுகொள்கிறேன்.

முதலில் நமது ஊரில் என்ன மாறுகிறது என்று பாருங்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களை வளிமண்டலவியல் திணைக்களம் முதலாவது இடைப்பருவப்பெயர்ச்சிக் காலம் என்று சொல்லும். அந்த நாட்களில் காற்றுக்கு நிலையான திசை கிடையாது. பகலில் கடற்காற்று கரையேறும். இரவில் தரைக்காற்று கடலுக்குப் போகும். வெயிலில் சூடேறிய நிலத்தின் மேல் கடற்காற்று குவிந்து, பிற்பகலில் முகில் திரண்டு, மின்னலும் இடியுமாகப் பெய்து, இரவாகும்போது தெளியும். மழை வருவது பெரும்பாலும் நாட்டுப்பக்கமிருந்துதான்.

தென்மேல் பருவம் நிலைகொண்டதும் இந்த நாளொழுங்கு குலைந்துவிடும். மேற்கிலிருந்து வரும் காற்று இரவிலும் ஓயாது, தரைக்காற்று தலைகாட்டாது. இடி அருகிவிடும். மழை கடற்பக்கத்திலிருந்து விடியற்காலையிலும் வரும், நள்ளிரவிலும் வரும். மறைன் டிரைவ் ஓரம் நடப்பவர்களுக்குக் கடலின் நிறமும் இரைச்சலும் மாறுவது தெரியும். இந்தக் கடலுக்கு அஞ்சித்தான் கொழும்புத் துறைமுகத்தின் தென்மேல் அலைதடுப்புச் சுவரைக் கட்டினார்கள். 1875இல் அடிக்கல் நாட்டி 1885இல் முடித்த அந்தச் சுவர் இல்லாத காலத்தில், பருவக்காற்று மாதங்களில் இங்கே கப்பல்கள் நிற்பது பெரும் பாடு. கொட்டாஞ்சேனை, முகத்துவாரப் பகுதிக் கடற்றொழிலாளர்கள் இந்த மாற்றத்தை அறிவிப்பு வருமுன்பே உணர்ந்துவிடுவார்கள். அவர்கள் பார்ப்பது மழையை அல்ல, காற்றை. அறிவியலும் அவர்கள் பக்கம்தான் நிற்கிறது.

பருவப்பெயர்ச்சி என்பது ஒரு மழை அல்ல, ஒரு காற்றோட்டம். தெற்கு இந்து சமுத்திரத்திலிருந்து கிளம்பி, ஆபிரிக்காவின் சோமாலியக் கரையோரமாகப் பூமத்திய கோட்டைக் கடந்து, அரபிக்கடலில் கிழக்கே திரும்பி, ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கடல்நீரை ஆவியாகச் சுமந்துகொண்டு நம்மிடம் வருகிறது. இந்த ஓட்டம் நிலைத்துவிட்டதா என்பதே தொடக்கத்தை அறிவிப்பவர்களின் கேள்வி. மழை அதற்கான சாட்சிகளில் ஒன்று.

முன்னொரு காலத்தில் இந்தத் தீர்மானம் அனுபவம் மிக்க அதிகாரிகளின் மதிப்பீட்டில் தங்கியிருந்தது. ஒரே மழையைப் பார்த்து இருவர் இரண்டு திகதி சொல்ல இடமிருந்தது. 2006 முதல் இந்தியாவில் எழுதி வைத்த விதி ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். நமது பக்கத்து வானத்தைப் பற்றிய விதி அது. அதில் வரும் கடற்பரப்பில் ஒரு பகுதி கொழும்புக்கு நேர்மேற்கே இருக்கிறது.

14 அவதானிப்பு நிலையங்கள் குறிக்கப்பட்டுள்ளன. மினிக்கோயும் அமினியும் இலட்சத்தீவுகளில் உள்ளவை. திருவனந்தபுரம் தொடங்கி கொல்லம், கொச்சி, கோழிக்கோடு, கண்ணூர் என்று கேரளம் நெடுகப் பதினொன்று. கடைசியாகக் கர்நாடகத்தின் மங்களூர். மே 10ஆம் திகதிக்குப் பிறகு, இவற்றில் 60 வீதமானவற்றில், அதாவது குறைந்தது ஒன்பது நிலையங்களில், தொடர்ந்து இரண்டு நாட்கள் 2.5 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ மழை பதிவாக வேண்டும். 2.5 மில்லிமீற்றர் என்பது முற்றத்தை நனைக்கும் மழை, அவ்வளவுதான். எவ்வளவு கொட்டியது என்று விதி கேட்கவில்லை. எவ்வளவு பரவலாக, விடாமல் பெய்தது என்று கேட்கிறது. ஓர் இடத்தில் 200 மில்லிமீற்றர் பெய்து மற்ற இடங்கள் காய்ந்திருந்தால் அது தேறாது.

மழை தேறினாலும் போதாது. காற்று ஆழமாக இருக்க வேண்டும். பூமத்திய கோட்டிலிருந்து வட அகலாங்கு 10 பாகை வரை, அரபிக்கடலின் மேற்குப் பகுதியிலிருந்து நமது தீவின் மேற்குக்கரை வரை விரியும் பரப்பில், மேலைக்காற்று தரையை ஒட்டி மட்டுமன்றி, 600 ஹெக்டோபாஸ்கல் மட்டம் வரை, ஏறத்தாழ நாலு கிலோமீற்றர் உயரம் வரை, நிலைத்திருக்க வேண்டும். கடற்காற்று சில நூறு மீற்றர் தடிப்புள்ளது. பருவக்காற்று மலையை மிஞ்சும் உயரமுள்ளது. அதோடு, முக்கால் கிலோமீற்றர் உயரத்தில் அந்தக் காற்றின் வேகம் 15 முதல் 20 நொட், அதாவது மணிக்கு 28 முதல் 37 கிலோமீற்றர் வரை இருக்க வேண்டும்.

மூன்றாவது சாட்சி செய்மதி. கடலும் நிலமும் முகிலும் வெப்பத்தைக் கதிராக விண்வெளிக்கு அனுப்புகின்றன. தெளிந்த வானத்தின் கீழிருக்கும் சூடான கடல் நிறைய அனுப்பும். உயரமாக வளர்ந்த மழைமுகிலின் உச்சி மிகக் குளிர்ந்தது. அது குறைவாகவே அனுப்பும். கேரளத்துக்கு மேற்கேயுள்ள கடற்பரப்பில் இந்தக் கதிர்ப்பு சதுர மீற்றருக்கு 200 வாற்றுக்குக் கீழே இறங்கியிருந்தால், அங்கே ஆழமான முகில் பரந்து கிடக்கிறது என்று பொருள். மழை, காற்று, முகில் மூன்றும் ஒத்துவந்தால் இரண்டாம் நாளில் தொடக்கம் அறிவிக்கப்படும். வழமையான திகதி ஜூன் 1. ஒரு வாரம் முன்பின்னாவது சாதாரணம். பதிவேட்டில் மிக முந்தியது 1918 மே 11. மிகப் பிந்தியது 1972 ஜூன் 18.

நமது வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல்களில் நடை வேறு. தென்மேல் பருவப்பெயர்ச்சி படிப்படியாகத் தாபிக்கப்பட்டு வருகிறது என்றுதான் அவை பெரும்பாலும் சொல்லும். மே மாதக் கடைசி வாரங்களில் இந்தச் சொற்றொடரை வானொலியில் கேட்டிருப்பீர்கள். சிலருக்கு அது மழுப்பலாகப் படுகிறது. எனக்கு அது நேர்மையான சொல்லாகவே படுகிறது. காற்று ஒரு நாளில் கீழே வலுக்கும், அடுத்த நாட்களில் மேலே ஆழமாகும், நடுவில் தளரும். அதை ஒரே திகதியில் அடைக்காமல் சொல்வதற்கு அதைவிட நல்ல வாசகம் இல்லை.

இப்போது 2016 மே மாதத்தை இந்தத் தராசில் வைத்துப் பாருங்கள். முதல் துப்பு நமது நாட்டுக்குள்ளேயே இருந்தது. அந்த நாட்களில் கிளிநொச்சியில் ஒரே நாளில் 350 மில்லிமீற்றருக்கு மேல் பெய்தது. தென்மேல் பருவக்காற்று வன்னிக்கு மழை கொடுக்கும் காற்று அல்ல. மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் நீரை இறக்கிவிட்டு அது வடக்கிலும் கிழக்கிலும் வறண்ட காற்றாகத்தான் வீசும். கொழும்பும் கிளிநொச்சியும் ஒரே வாரத்தில் மூழ்கினால், அந்த மழையைக் கொண்டுவந்தது மேற்கிலிருந்து சீராக வீசும் ஓட்டம் அல்ல, அருகில் சுழலும் ஏதோ ஒன்று என்று உடனே ஊகிக்கலாம். அந்தத் தாழமுக்கம் இந்தியாவின் கிழக்குக் கரையோரமாக வடக்கே நகர்ந்து, 19ஆம் திகதி ரோனு என்ற புயலாகி, 21ஆம் திகதி பங்களாதேஷில் சிற்றகொங் அருகே கரைகடந்தது. சுழற்சி தன்னைச் சுற்றிக் காற்றை இழுத்தது. அது போனதும் அந்த இழுப்பும் போயிற்று. சோமாலியாவிலிருந்து இங்கு வரை தொடரும் ஆழமான ஓட்டம் பின்னால் நிற்கவில்லை. அது நிலைபெற ஜூன் முதல் வாரம் ஆயிற்று.

அப்படியானால் மே 15இலேயே ஜூன் 7 என்று எப்படிக் கணித்தார்கள்? கொழும்பின் மழையையோ கொச்சியின் மழையையோ மட்டும் பார்த்து அல்ல. தெற்குச் சீனக் கடலின் முகில், தென்கிழக்கு இந்து சமுத்திரத்தின் காற்று, வடமேற்கு இந்தியாவின் இரவு வெப்பநிலை போன்ற ஆறு அறிகுறிகளைக் கொண்ட புள்ளிவிவர முறை ஒன்றால். ஒரு புயல் அந்தத் தொலைதூர அறிகுறிகளை ஒரே நாளில் மாற்றிவிடாது.

இதற்கு நேர்மாறான கதை 2009. அந்த ஆண்டு விதியின்படி எல்லாம் தேறி, மே 23ஆம் திகதியே தொடக்கம் அறிவிக்கப்பட்டது. வழமைக்கு ஒரு வாரத்துக்கும் முந்தியே வந்துவிட்டது என்று மகிழ்ந்தார்கள். மே 25இல் அயிலா என்ற புயல் மேற்கு வங்கத்தில் கரையேறியது. அதன்பிறகு மழையின் முன்னேற்றம் வாரக்கணக்கில் நின்றுபோனது. இந்தியா முழுவதற்குமான ஜூன் மாத மழை சராசரியைவிட 47 வீதம் குறைந்தது. அந்த ஆண்டு வறட்சி ஆண்டாக முடிந்தது. அறிவிப்பு பிழையா என்றால், இல்லை. அறிவித்த நாளில் காற்றும் மழையும் முகிலும் விதிப்படி இருந்தன. ஆனால் தொடக்கத் திகதி என்பது ஒரு காற்றோட்டம் வந்து சேர்ந்ததைப் பற்றிய செய்தி. அடுத்த மாதம் எவ்வளவு பெய்யும் என்பதற்கு அதில் உத்தரவாதம் கிடையாது. முந்தி வந்த பருவம் நிறையப் பெய்யும் என்று நம்புவதற்கு ஆதாரமே இல்லை. 2025இலும் கேரளத்துக்கு மே 24இலேயே வந்து, மே 26இல் மும்பையைத் தொட்ட பருவமழை, அதன்பின் ஜூன் நடுப்பகுதி வரை அங்கேயே தேங்கி நின்றது.

ஏன் தேங்குகிறது? இதுதான் இன்றைய பேச்சின் சாரமான பகுதி.

பருவமழை ஒரு திரைபோல் தெற்கிலிருந்து வடக்கே சீராக விரிகிறது என்றுதான் பள்ளிக்கூட வரைபடம் பார்த்தவர்கள் நினைப்போம். 1970களில் செய்மதிப் படங்கள் நாள்தோறும் கிடைக்கத் தொடங்கியபோது வேறொன்று தெரிந்தது. இந்திய அறிவியலாளர்கள் டி. ஆர். சிக்காவும் சுலோசனா காட்கிலும் அந்தப் படங்களை ஆராய்ந்து 1980இல் வெளியிட்ட கட்டுரை இதைத் தெளிவாகக் காட்டியது. ஜப்பானின் யாசுனாரியும் அதே காலத்தில் இதையே கண்டார். பூமத்திய கோட்டருகே, வெதுவெதுப்பான கடலின் மேல், கிழக்கு மேற்காக நீண்ட ஒரு முகிற்பட்டை பிறக்கிறது. அது மெல்ல வடக்கே நகர்கிறது. இமயமலை அடிவாரத்தை எட்டிக் கரைகிறது. அது கரையும் காலத்தில் தெற்கே இன்னொன்று பிறக்கிறது. ஒரு பட்டைக்கும் அடுத்ததற்கும் இடையே சாதாரணமாக 30 முதல் 40 நாட்கள் செல்லும்.

நகரும் வேகம் ஏறத்தாழ நாளுக்கு ஓர் அகலாங்குப் பாகை, அதாவது 111 கிலோமீற்றர். வெள்ளவத்தை வட அகலாங்கு 7 பாகைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. பூமத்திய கோட்டில் பிறந்த பட்டை ஒரு வாரத்தில் நமக்கு மேலே வரும். ஓரிரு நாளில் கேரளத்தின் தென்முனை. இன்னும் இரண்டு வாரம் கழித்து மத்திய இந்தியா. அதற்கும் ஒரு வாரம் பின்னால் இமயமலை அடிவாரம். பட்டை நம்மைக் கடந்து நாக்பூர்ப் பக்கம் பெய்துகொண்டிருக்கும் நாட்களில் கொழும்பில் காற்று வீசும், கடல் கொந்தளிக்கும், வானத்தில் முகில் ஓடும், மழை மட்டும் வராது. பருவம் போய்விட்டதா என்று கேட்போம். அது போகவில்லை; ஓட்டம் இருக்கிறது, அதன் மழைபெய்யும் பகுதி வடக்கே இருக்கிறது.

பட்டை ஏன் ஓரிடத்தில் நிற்காமல் நகர்கிறது என்று கேட்டால், கடலும் காற்றும் சேர்ந்து அதைத் தள்ளுகின்றன என்று சொல்ல வேண்டும். முகில் மூடிய கடலில் வெயில் விழாது. பலத்த காற்று, ஆவி பறக்கும் தேநீரை ஊதி ஆற்றுவதுபோல், நீரை ஆவியாக்கிக் கடலைக் குளிரச் செய்யும். கீழேயுள்ள குளிர்ந்த நீரையும் கிளறி மேலே கொண்டுவரும். ஆகவே பட்டைக்குக் கீழும் பின்னும் கடல்மேற்பரப்பு வெப்பம் ஒரு பாகை அளவு இறங்கிவிடும். பட்டைக்கு வடக்கே நிலைமை நேர்மாறு. வானம் தெளிவு, காற்று மந்தம், வெயில் முழுவதும் கடலில் இறங்குகிறது. அந்த நீர் சூடேறி, அடுத்த மழைக்கு இடம் ஆயத்தமாகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. பருவ காலத்தில் நமக்கு மேலே கீழ்மட்டத்தில் மேலைக்காற்று. பன்னிரண்டு, பதினைந்து கிலோமீற்றர் உயரத்தில் வலுவான கீழைக்காற்று. இப்படி மேலும் கீழும் எதிரெதிராக ஓடும் காற்றுக்குள் முகிற்கூட்டம் மேலெழும்போது, அதற்குச் சற்று வடக்கே காற்றில் சுழற்சி பிறக்கிறது. அந்தச் சுழற்சி கீழ்மட்ட ஈரக்காற்றை வடபுறமாகக் குவிக்கிறது. அதனால் புதிய முகில் எப்போதும் பழைய முகிலின் வடக்கு விளிம்பில் முளைக்கிறது. குளிர்காலத்தில் இந்தக் காற்றமைப்பு இல்லை. அப்போது பட்டைகள் இப்படி வடக்கே ஏறுவதும் இல்லை.

இந்தப் பட்டைகளைப் பிறப்பிப்பது பெரும்பாலும் இன்னும் பெரிய ஓர் அலைவு. 1971இல் அமெரிக்காவில் மடன், ஜூலியன் என்ற இருவர், பசிபிக் தீவொன்றின் காற்றுப் பதிவுகளில் 40, 50 நாளுக்கொரு முறை திரும்பும் ஏற்றத்தாழ்வைக் கண்டுபிடித்தார்கள். அந்த அலைவின் மழைப்பகுதி பூமத்திய கோட்டை ஒட்டிக் கிழக்கே நகரும். அது மே கடைசியில் இந்து சமுத்திரத்துக்கு வந்தால் பருவத்தின் தொடக்கம் எளிதாகும். அது பசிபிக் பக்கம் போயிருந்தால் நமது கடலின் மேல் காற்று கீழிறங்கி முகிலை அமுக்கும்; மழை இழுபடும். மே முதற்பகுதியிலேயே ஓர் அலைவு வந்து கொட்டிவிட்டுப் போனால், அதைத்தான் பொய்த் தொடக்கம் என்கிறார்கள். விவசாயி விதைத்துவிடுவார், அடுத்த அலை வர ஒரு மாதம் ஆகும், முளைத்த பயிர் வாடும். விதி அவ்வளவு கறாராக இருப்பதன் காரணம் இதுதான்.

இதற்குள்ளே இன்னொரு சிறிய துடிப்பும் உண்டு. மேற்குப் பசிபிக்கிலிருந்து வங்காள விரிகுடா வழியாக மேற்கு நோக்கி, 10 முதல் 20 நாளுக்கொரு முறை வரும் துடிப்பு அது. பெரிய அலையும் சிறிய அலையும் ஒன்றாக விழும் நாட்களில் வெள்ளம். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கினால் தூறல். இரண்டும் இறங்கினால் வாரக்கணக்கில் வெயில்.

கொழும்பின் சராசரிக் கணக்கில் இது எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். 1961 முதல் 1990 வரையான சராசரியில் மே மாதத்து மழைவீழ்ச்சி 390 மில்லிமீற்றர். ஜூனில் 185. ஜூலையிலும் ஓகஸ்டிலும் தலா 120 மட்டுமே. பருவக்காற்று உச்சத்தில் வீசும் மாதங்கள்தான் அந்தப் பருவத்துக்குள் இங்கே குறைவாகப் பெய்யும் மாதங்கள்! ஜூலையில் பட்டைகள் நெடுநாள் வடக்கே தங்குகின்றன. கரையோரச் சமதரையில் காற்றை மேலே தூக்க மலையும் இல்லை. அதே காற்று வட்டவளையில் மலையில் ஏறிக் குளிர்கிறது. அங்கே ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. ஆகவே ஜூலையில் கொழும்பு வெயிலை வைத்துப் பருவம் பொய்த்தது என்று முடிவு கட்டக்கூடாது. மவுசாகலை, காசல்ரீ நீர்த்தேக்கங்களுக்கு மேலுள்ள சரிவுகளில் மழை எப்படி என்று கேட்க வேண்டும்.

ஓய்வுக்கும் இரண்டு முகம் உண்டு. இந்தியச் சமவெளியில் மழை ஓயும் நாட்களில் அரபிக்கடலின் அந்தக் கீழ்மட்டக் காற்றாறு தீபகற்பத்தைக் குறுக்கறுப்பதை விட்டு, தெற்கே இறங்கி, இந்தியாவின் தென்முனைக்கும் கீழாகக் கிழக்கே ஓடுகிறது. கொச்சிப் பல்கலைக்கழகத்தின் பி. வி. ஜோசப்பும் சிஜிகுமாரும் 2004இல் இதை விளக்கினார்கள். அப்போது அது நமது அகலாங்குகளுக்கு வருகிறது. டெல்லிச் செய்தியில் பருவமழை இடைவேளை என்று வாசிக்கிற வாரத்தில் வெள்ளவத்தையில் குடை தேட நேர்வதன் காரணங்களில் இது ஒன்று.

முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்றால், ஓரளவுக்கு முடியும். முகிற்பட்டை எங்கே நிற்கிறது, மடன்–ஜூலியன் அலைவு எந்தக் கடலில் இருக்கிறது என்று பார்த்து, இரண்டு வாரத்துக்கு முன் ஈரமா வறட்சியா என்று சொல்கிறார்கள். இந்தியத் துறை வியாழக்கிழமைதோறும் இப்படியான நீட்டித்த கணிப்பை வெளியிடுகிறது. மூன்றாம் வாரத்தில் நம்பகம் சரியத் தொடங்கும். எந்த நாளில், எந்தத் தெருவில் வெள்ளம் என்று அதிலிருந்து கேட்க முடியாது. நாகலகம் வீதியின் அளவுகோல் 2016இல் ஏறியது பருவக்காற்றாலும் அல்ல, அலைவின் சராசரியாலும் அல்ல. அருகில் நின்ற ஒரு தாழமுக்கத்தால். அதைக் கண்டறிய இன்னும் ராடரும் களனியின் மேற்பகுதி மழைமானிகளும் தான் வேண்டும், அவை தரும் அவகாசமும் நாட்கணக்கில் அல்ல, மணிக்கணக்கில்தான்.